"நடனமாடியபோது"... அப்புறம் என்ன ஆச்சு?



கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

ஒரு பள்ளியின் ஆண்டு மலர் அச்சகத்துக்குப் போவதற்கு முன், படப் பக்கங்களை என்னிடம் அனுப்பினார்கள். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். "ஒற்றுப்பிழை மட்டும் பார்த்துக் கொடுங்க டீச்சர், போதும்" என்றார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியை என்றால் க், ச், த், ப் பார்ப்பதற்குத்தான் என்று ஊரே முடிவு செய்துவிட்டது. மொத்தம் 48 படங்கள். ஒற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது. படத்துக்குக் கீழே எழுதியிருந்ததுதான் சரியில்லை.

"மாணவிகள் நடனமாடியபோது."
"மாணவர்கள் அறிவியல் கண்காட்சியில் பங்கேற்றபோது."
"மரக்கன்று நட்டபோது."
"பரிசு பெற்றபோது."

என்னிடம் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "எழுவாய் இருக்கு, பயனிலை எங்கே?" என்று கேட்பேன். அதே கேள்விதான் இப்போதும். "நடனமாடியபோது" என்பது வினைமுற்று இல்லை. அது வாக்கியத்தின் வாசல்படி. "நான் நேத்து கடைக்குப் போனபோது..." என்று சொல்லிவிட்டு உங்கள் அத்தை எழுந்து போய்விட்டால், நீங்கள் சும்மா இருப்பீர்களா? பின்னாலேயே போய், "போனபோது என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று கேட்க மாட்டீர்களா? நம் ஆண்டு மலர்கள் வருடக்கணக்காக வாசல்படியில் நிற்கவைத்துவிட்டுக் கதவைச் சாத்துகின்றன. யாரும் கேட்பதில்லை.

ஆகவே நான் கேட்டேன். அந்த 48 படங்களில் எவ்வளவு முடியுமோ அவ்வளவுக்கு அந்தப் "போது"வை முடித்துக் கொடுத்தேன். மலர்க்குழு அவற்றில் பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டது. அவர்கள் சொன்ன காரணங்களுக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். ஆனால் உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். பலருடைய பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். அதனால் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் அந்த நடனப் படம். எட்டுப் பெண்கள், வட்டமாக நின்று கும்மி. வெட்டவெளி மேடை, பகல் வெளிச்சம். நானும் முதலில் மேலோட்டமாகத்தான் பார்த்தேன். பிறகு ஒன்று கண்ணில் பட்டது. எட்டுப் பேருக்கும் வாய் திறந்திருந்தது. பள்ளி ஆண்டு விழாவில் பாட்டு ஸ்பீக்கரில் ஓடும், பிள்ளைகள் ஆடுவார்கள், பாட மாட்டார்கள். இவர்கள் ஏன் பாடுகிறார்கள்?

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கூப்பிட்டுப் படத்தைக் காட்டி, "ஏம்மா எல்லாரும் வாயைத் திறந்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அதுவா டீச்சர், பாதியில கரண்ட் போயிடுச்சு. பாட்டு நின்னுடுச்சு. இறங்கலாமா வேணாமான்னு தெரியல. இவதான் முதல்ல பாட ஆரம்பிச்சா. அப்புறம் நாங்களும் பாடினோம். கீழ உட்கார்ந்திருந்தவங்க கை தட்டித் தாளம் போட்டாங்க."

"இவதான்" என்று அவள் விரல் வைத்த பெண், படத்தில் இடது ஓரம், பாதி மறைந்து நிற்கிறாள். இதுதான் நான் எழுதிக் கொடுத்தது (பெயர்களை இங்கே எடுத்துவிட்டேன். மலரில் பெயர் இருக்க வேண்டும், ஃபேஸ்புக்கில் பிள்ளைகள் பெயர் வேண்டாம்):

"எட்டாம் வகுப்பு மாணவிகள் கும்மி ஆடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது, பாட்டும் நின்றது. இடது ஓரத்தில் நிற்பவர் பாடத் தொடங்கினார். மற்ற ஏழு பேரும் சேர்ந்துகொள்ள, ஆட்டம் நிற்கவில்லை."

இதில் நான் கற்பனையாகச் சேர்த்தது ஒரு சொல்கூட இல்லை. "போது" அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைக் கேட்டு எழுதினேன், அவ்வளவுதான். இப்போது இதைப் படித்துவிட்டுப் படத்தை மறுபடி பாருங்கள். திறந்த வாய்கள் கண்ணில் படும். நல்ல படக்குறிப்பு படிக்கிறவரைத் திரும்பப் படத்துக்கே அனுப்பும். "மாணவிகள் நடனமாடியபோது" யாரை எங்கே அனுப்பும்? ஆடுகிறார்கள் என்பதுதான் கண்ணுக்கே தெரிகிறதே!

இதில் கவனிக்க வேண்டியது கேள்வி கேட்கும் விதம். "அன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டிருந்தால், "ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு டீச்சர்" என்று பதில் வந்திருக்கும். எல்லாப் பிள்ளையும் அதைத்தான் சொல்லும், பெரியவர்கள் எதிர்பார்ப்பது அதுதான் என்று அதற்குத் தெரியும். படத்தில் இருக்கும் ஒரு பொருளை, ஒரு கையை, ஒரு வாயைக் காட்டி "இது ஏன் இப்படி?" என்று கேளுங்கள். அப்போதுதான் நடந்தது வரும்.

இன்னொரு படம். அறிவியல் கண்காட்சி. இரண்டு பையன்கள், மேசையில் ஹைட்ராலிக் லிஃப்ட். உங்களில் பாதிப் பேர் செய்ததுதான். இரண்டு சிரிஞ்ச், நடுவே குளுக்கோஸ் ஏற்றும் டியூப், உள்ளே கலர் தண்ணீர். ஒரு சிரிஞ்சை அமுக்கினால் இன்னொன்று மேலே எழும்பி அட்டையைத் தூக்கும். படத்தில் ஒருவன் நடுவரிடம் விளக்குகிறான். இன்னொருவன் சும்மா நிற்பதுபோலத் தெரிகிறது. ஆனால் அவனுடைய கட்டைவிரல் சிரிஞ்சும் டியூபும் சேரும் இடத்தில் இருக்கிறது. "உன் விரல் ஏன் அங்க இருக்கு?"

"அங்கதான் டீச்சர் லீக். விரலை எடுத்தா தண்ணி வெளிய வந்திடும், லிஃப்ட் இறங்கிடும்."

எவ்வளவு நேரம் பிடித்திருந்தாய் என்று கேட்டேன். "அரை மணி நேரம்" என்றான். கூட்டாளியைக் கேட்டேன். "பத்து நிமிஷம் இருக்கும்" என்றான். யார் சொல்வது சரி? எனக்குத் தெரியாது, கடிகாரம் பார்த்தவர் யாரும் இல்லை. ஆகவே நேரத்தை எழுதவில்லை. இருவரும் ஒத்துக்கொண்டதை மட்டும் எழுதினேன்:

"வலப்பக்கம் நிற்பவரின் கட்டைவிரலைப் பாருங்கள். டியூப் கசிந்த இடம் அது. விரலை எடுத்தால் லிஃப்ட் இறங்கிவிடும். நடுவர் வந்து பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போகும்வரை அவர் அதை எடுக்கவில்லை."

மலர்க்குழுவின் ஒருவர் இதற்கு என்ன சொன்னார் தெரியுமா? "அரை மணி நேரம்னு போட்டா இன்னும் நல்லா இருக்குமே டீச்சர்." நல்லாத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கூட்டாளி அதைப் படித்துவிட்டுச் சிரிப்பான். அன்றைக்கே அந்த மலர் முழுவதும் அவனுக்குப் பொய்யாகிவிடும்.

படத்துக்குக் கதை எழுதுங்கள் என்று நான் சொன்னால், கதை விடுங்கள் என்று அர்த்தமில்லை. இதைப் புரிந்துகொள்ள ஒரு உலகப் புகழ்பெற்ற படத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1936-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், பட்டாணி பறிக்க வந்த கூலித் தொழிலாளர் முகாமில், டொரோதியா லாங்கே என்ற புகைப்படக் கலைஞர் ஒரு தாயையும் குழந்தைகளையும் எடுத்த படம். கையைக் கன்னத்தில் வைத்துத் தூரத்தைப் பார்க்கும் அந்த முகத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். அதன் குறிப்பில் வறுமை இருந்தது, ஏழு குழந்தைகள் இருந்தார்கள், 32 வயது இருந்தது. பெயர் இல்லை. லாங்கே பெயரைக் கேட்கவே இல்லை. அந்தப் பெண் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று உலகத்துக்குத் தெரிய 1978 ஆனது. 42 வருடம்! அது மட்டுமில்லை. சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றுவிட்டார்கள் என்று லாங்கே பின்னாளில் எழுதினார். அப்படி எதையும் விற்கவில்லை என்று அந்தப் பெண்ணின் மகன் மறுத்தார். அவ்வளவு பெரிய படத்திலேயே இரண்டு குறையும் இருக்கிறது. பெயரைக் கேட்கவில்லை. எழுதிய கதையைச் சம்பந்தப்பட்டவரிடம் காட்டிச் சரிபார்க்கவில்லை. நம் மலரில் இரண்டையும் செய்வது சுலபம். பிள்ளை பக்கத்து வகுப்பறையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

சரி, மலர்க்குழுவின் வாதங்களுக்கு வருகிறேன்.

முதல் வாதம், இடமில்லை. இதே மலரின் முதல் பக்கத்தில் குத்துவிளக்குப் படம். அதன் கீழே சிறப்பு விருந்தினரின் பெயர், அவர் வாங்கிய நான்கு பட்டங்கள், வகிக்கும் மூன்று பதவிகள், பக்கத்தில் நிற்பவர்களின் பெயர், அவர்களுடைய பதவிகள். ஐந்து வரி. அதற்கு இடம் இருந்தது. அதே படத்தில் மெழுகுவத்தியைக் கையால் மறைத்துக் காற்றில் அணையாமல் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி நிற்கிறாள். அவளுக்கு ஒரு சொல்கூட இல்லை. அவள் மட்டும் இல்லையென்றால் அத்தனை பட்டங்களும் பதவிகளும் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்திருக்கும். விருந்தினரை மதிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவருக்குப் பெயரும் ஒரு பதவியும் போதும். மிச்சப்படும் மூன்று வரியை அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

இன்னும் இடம் வேண்டுமா? ஒரே மேடையில், ஒரே கோணத்தில், ஆறு நடனப் படங்கள் இருந்தன. மூன்றை எடுங்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

இரண்டாவது வாதம், ஒருவருக்கு எழுதினால் மற்ற பெற்றோர் கோபித்துக்கொள்வார்கள். இது நியாயமான கவலைதான். ஆனால் அதற்கு மருந்து எல்லோரையும் பெயரில்லாமல் ஆக்குவதா? வகுப்புக் குழுப் படத்துக்குக் கதை வேண்டாம். அங்கே எல்லாப் பெயரும் வரிசையாக இருந்தால் போதும், ஒன்றுகூட விடுபடக் கூடாது. அதனால் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் மலரில் ஒருமுறையாவது கட்டாயம் வந்துவிடும். ஏதோ ஒரு காரியம் நடக்கிற படத்துக்கு மட்டும் அந்தக் காரியத்தை எழுதுங்கள். என் பழைய மாணவர் ஒருவர் தன் மகளிடம் மலரைக் காட்டி, "இதுல முதுகு காட்டி நிக்கிறது நான்தான்" என்றாராம். "உங்க பேரே இல்லையேப்பா, சும்மா சொல்றீங்க" என்றாளாம் மகள். அவரிடம் வேறு சாட்சி இல்லை!

மூன்றாவது வாதம்தான் எனக்கு ஆத்திரம் வரவைத்தது. "நீங்க சொல்றது சரி டீச்சர், வெறுமையா இருக்கு, நாங்களே கொஞ்சம் அழகா மாத்திடறோம்" என்று மாற்றி அனுப்பினார்கள். "வண்ணத்துப்பூச்சிகளாய்ச் சிறகடித்த வளரிளம் கலைஞர்கள்!" "நாளைய விஞ்ஞானிகள் இன்றைய மேடையில்!" "வெற்றிப் புன்னகை!"

இது படக்குறிப்பு இல்லை. பழைய லேபிளுக்குப் போட்ட காகிதப் பூமாலை. ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். நீங்கள் எழுதியதை எடுத்துப் போன வருட மலரில் வேறொரு படத்துக்குக் கீழே ஒட்டிப் பாருங்கள். பொருந்தினால் கிழித்துப் போடுங்கள். வண்ணத்துப்பூச்சி எந்த நடனத்துக்கும் பொருந்தும். கரண்ட் போனதும் பாடத் தொடங்கியது இந்த எட்டுப் பேருக்கு மட்டும்தான் பொருந்தும்.

ஒன்றை மறக்கக் கூடாது. கதையை அந்த நொடியிலிருந்து எடுக்க வேண்டும், பிள்ளையின் வீட்டிலிருந்து எடுக்கக் கூடாது. அந்த 48-இல் ஒரு படத்துக்கு மட்டும் லேபிள் கதை சொன்னது. "தந்தையை இழந்த மாணவிக்கு உதவித்தொகை வழங்கப்பட்டபோது." விருந்தினரின் பெயர் இருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் இல்லை, அவளுடைய துக்கம் மட்டும் இருந்தது. வகுப்பில் எல்லோருக்கும் முகம் தெரியுமே, பெயரை மறைத்து என்ன பயன்? அந்த மலரை அவள் வீட்டுக்கு எடுத்துப் போவாளா, பைக்குள்ளேயே ஒளித்துவைப்பாளா? அந்தப் படத்தையே எடுத்துவிடச் சொன்னேன். உதவித்தொகை கொடுத்ததை வேறு பக்கத்தில் ஒரு வரிச் செய்தியாகப் போடலாம். எழுதியதைப் படத்தில் இருக்கும் பிள்ளையிடமே உரக்கப் படித்துக் காட்டுங்கள். முகம் சுருங்கினால் அதை அச்சிடக் கூடாது. லீக் ஆன டியூபைப் பற்றிப் படித்துக் காட்டியபோது அந்தப் பையன் காது வரை சிரித்தான்.

இனி வேலை செய்யப் போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். இவற்றில்தான் நல்ல படக்குறிப்பும் கெட்டுப்போகிறது.

மலர் வேலை பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும். படம் ஆகஸ்டில் எடுத்ததாக இருக்கும். அப்போது போய்க் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. விழா முடிந்த மறுநாளே, ஒரு நோட்டில், படத்தின் எண், இருப்பவர்களின் பெயரும் வகுப்பும், சற்றுமுன் என்ன நடந்தது, சற்றுப்பின் என்ன நடந்தது, யார் சொன்னது என்று எழுதிவைத்துவிட வேண்டும். ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் பெயரை வைத்துத் தேதி போடாதீர்கள். IMG-20250129-WA0007.jpg என்று இருந்தால், அது அந்தக் கைப்பேசிக்குப் படம் வந்த நாள். எடுத்த நாள் இல்லை. இந்த மலரில் குடியரசு தினக் கொடியேற்றத்துக்கு "ஜனவரி 29" என்று போட்டிருந்தார்கள். படம் எடுத்தவரிடம் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். படத்தின் தரமும் குறையாது, எடுத்த தேதியும் உள்ளேயே இருக்கும்.

"இடமிருந்து வலம்" என்பது படிக்கிறவரின் இடது. நிற்கிறவரின் இடது இல்லை. பெயர் எழுதி முடித்த பிறகு டிடிபி செய்கிறவர் இடம் போதவில்லை என்று ஓரத்தில் ஒருவரை வெட்டிவிடுவார். உடனே எல்லாப் பெயரும் ஒரு ஆள் தள்ளிப் போய்விடும். ஆகவே கடைசி புரூஃபில் தலைகளை எண்ணுங்கள், பெயர்களை எண்ணுங்கள், இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். சிலர் அழகுக்காகப் படத்தையே கண்ணாடி பிம்பம்போலத் திருப்பிவிடுவார்கள். அதையும் கண்டுபிடிக்கலாம். சட்டைப் பை எப்போதும் போட்டிருப்பவரின் இடது மார்பில் இருக்கும். நம்மைப் பார்த்து நிற்கும் பையனுக்கு அது நம் வலப்பக்கம் தெரிய வேண்டும். ஆசிரியைகள் படத்தில் முந்தானை நம் வலப்பக்கத் தோளில் தெரிய வேண்டும். எல்லோருக்கும் ஒரேயடியாக மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது, பெயர் வரிசையும் தலைகீழாகிவிட்டது.

கடைசியாக, அந்த மலரின் நிலவரம். நான் எழுதிக் கொடுத்ததில் ஒன்பதை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். கும்மி இருக்கிறது, கட்டைவிரல் இருக்கிறது. மெழுகுவத்திப் பெண் இல்லை. "விருந்தினர் என்ன நினைப்பார்" என்றார்கள். அந்தப் பெண் என்ன நினைப்பாள் என்று நான் கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை. அச்சுக்குப் போக எட்டு நாள் இருக்கிறது, நானும் விடுவதாக இல்லை.

உங்கள் பள்ளியிலும், உங்கள் பிள்ளைகளின் பள்ளியிலும் மலர் வேலை தொடங்கும்போது யாராவது ஒருவர் இதைப் பேசுங்கள். எழுதிக்கொண்டு வரும்போது "போது" என்று வந்தால், அங்கே முற்றுப்புள்ளி வைக்காதீர்கள். எழுந்து போய் அந்தப் பிள்ளையைக் கேளுங்கள்.